கிளையன்ட் "வெளியே வாங்க, பேசிக்கொள்வோம்" என்றால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டனில் ஒரு கடைக்கு மேல்மாடி அறையில் இருந்து நான் லோகோ, புத்தக அட்டை, மெனு கார்ட் என்று அப்வர்க், ஃபைவர் போன்ற இணைய வேலைத் தளங்கள் வழியாக வெளிநாட்டுக் கிளையன்ட்களுக்கு வரைந்து கொடுக்கிறேன். பொகவந்தலாவை, மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கத்துத் தம்பி தங்கச்சிமார் போனைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டும் செய்திகளில் பாதி, கிளையன்ட் தளத்தை விட்டு வெளியே கூப்பிடுகிற விஷயம்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதிவிட்டேன்.

"அண்ணா, வேலை தரப்போகிற ஆள் வட்ஸ்அப் நம்பர் கேட்கிறார். பேசினால் மட்டும் என்ன வந்துவிடும்?"

பேச்சு வேறு, காசு வேறு. முதலில் இந்த இரண்டையும் பிரித்துக்கொள்ளுங்கள். தளங்களும் அப்படித்தான் பார்க்கின்றன, ஆனால் ஒவ்வொன்றும் கோட்டை வேறு இடத்தில் போடுகிறது.

அப்வர்க்கில் ஒப்பந்தம் தொடங்கும் வரை எல்லாப் பேச்சும் அவர்களுடைய செய்திப் பெட்டிக்குள்ளேயே நடக்க வேண்டும். போன் நம்பர், மின்னஞ்சல், டெலிகிராம் பெயர் எதையும் அதற்கு முன் கொடுக்கக் கூடாது, வாங்கவும் கூடாது. ஒப்பந்தம் தொடங்கிய பிறகு வட்ஸ்அப்பில் பேசலாம், ஜூமில் சந்திக்கலாம். காசு மட்டும் தளத்தின் வழியாகவே வர வேண்டும். ஃபைவர் இதைவிட இறுக்கம். ஓர்டர் வந்த பிறகும், அந்த வேலையை முடிக்க உண்மையிலேயே தேவைப்பட்டால் தவிர, வெளித்தொடர்பு கூடாது. நேரில் பேச வேண்டும் என்றால் தளத்துக்குள்ளேயே ஜூம் அழைப்பு வைக்கும் வசதி இருக்கிறது.

ஆகவே நம்பர் கேட்கிறவரிடம் பார்க்க வேண்டியது, எப்போது கேட்கிறார் என்பதை. ஒப்பந்தத்துக்குப் பிறகு "அவசரத்துக்கு உங்களைப் பிடிக்க வேண்டும்" என்று ஒருவர் கேட்டால் அது சாதாரண விஷயம். ஒப்பந்தமே இல்லாமல், வேலை என்னவென்றுகூடச் சொல்லாமல், முதல் செய்தியிலேயே நம்பர் கேட்டால் அந்த ஆள் உங்களோடு வேலை பேச வரவில்லை. சாட்சி இல்லாத இடத்துக்கு உங்களைக் கூட்டிப்போக வந்திருக்கிறார்.

"வெளியே காசு வாங்கினால் கொமிஷன் மிச்சம்தானே? ஃபைவரில் 20 வீதம் போகிறதே!"

போகிறதுதான், எனக்கும் வயிறு எரிகிறது. கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவோம்.

300 டொலர் வேலை ஒன்று. ஃபைவரில் செய்தால் 60 டொலர் கழிந்து உங்கள் கைக்கு 240 வரும். கிளையன்ட் தன் பக்கத்தில் 5.5 வீதம் சேவைக் கட்டணம் கட்டுகிறார், அதாவது 16 டொலர் 50 சதம். மொத்தம் அவருக்கு 316.50 செலவு.

இப்போது அவர், "வெளியே வாருங்கள், முழு 300ஐயும் தருகிறேன்" என்கிறார். அப்படியானால் அவருக்கு மிச்சம் 16.50தான், உங்களுக்கு 60. முகம் தெரியாத ஒருவர் தன்னுடைய 16 டொலருக்காக இவ்வளவு பாடுபட்டு, உங்கள் 60 டொலரைப் பற்றி இவ்வளவு கவலைப்படுவாரா? நான் இந்த இடத்தில்தான் முதலில் சந்தேகப்படுவேன்.

உண்மையாகவே காசை மிச்சம் பிடிக்க நினைக்கும் கிளையன்ட் இப்படிப் பேச மாட்டார். "வெளியே என்றால் 250க்குச் செய்வீர்களா?" என்று கேட்பார். அந்தக் கணக்கையும் பாருங்கள். அவருக்கு மிச்சம் 66.50. உங்களுக்குக் கூடுவது 10 டொலர். அந்தப் பத்து டொலருக்காகக் காசு வராமல் போகும் ஆபத்து முழுவதையும், கணக்கு முடக்கப்படும் ஆபத்தையும் நீங்கள் தலையில் ஏற்றிக்கொள்கிறீர்கள். இது பேரம் என்றால் மிக மோசமான பேரம்.

"தளத்தில் இருந்தால் மட்டும் காசு கட்டாயம் வருமா?"

கட்டாயம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் காசு எங்கே இருக்கிறது என்பதாவது உங்களுக்குத் தெரியும்.

ஃபைவரில் ஓர்டர் போடும்போதே கிளையன்ட் முழுப் பணத்தையும் கட்டிவிடுகிறார். நீங்கள் வேலையைக் கொடுத்த பிறகு அவர் வாயே திறக்காவிட்டாலும் 3 நாளில் ஓர்டர் தானாக முடிந்ததாகக் கணக்கு. அதன்பின் பெரும்பாலானோருக்கு 14 நாள் கழித்துப் பணம் எடுக்கலாம். அப்வர்க்கின் நிலையான விலை ஒப்பந்தத்தில், வேலையைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் கிளையன்ட் முன்கூட்டியே பணத்தைக் கட்டிவைக்கிறார். நீங்கள் வேலையைச் சமர்ப்பித்து 14 நாள் அவர் பதிலே சொல்லாவிட்டால் பணம் தானாக உங்கள் பக்கம் வரும்.

இங்கே நம் ஆட்கள் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. அப்வர்க்கில் கட்டிவைத்த பகுதிக்கு மட்டும்தான் இந்தப் பாதுகாப்பு. "முதல் பகுதி கட்டியாயிற்று, இரண்டாவதை அடுத்த வாரம் கட்டுகிறேன், நீங்கள் தொடங்குங்கள்" என்றால் இரண்டாவது பகுதி தளத்தில் இருந்தாலும் இல்லாததற்குச் சமம். மணித்தியாலக் கணக்கு வேலையிலும் அப்படித்தான். கணினியில் ஓடும் அவர்களுடைய செயலி பதிந்த நேரத்துக்குப் பாதுகாப்பு உண்டு. நீங்களே கையால் எழுதிச் சேர்த்த நேரத்துக்கு இல்லை.

வெளியே போனால் இதில் எதுவும் கிடையாது. ஹட்டனில் இருக்கும் ஒருவர் கனடாவில் இருக்கும் ஒருவரை 300 டொலருக்காக எந்த நீதிமன்றத்தில் போய்க் கேட்பது? அவரைக் காசு கொடுக்க வைப்பது, தளத்தில் ஏற்கெனவே கட்டிய பணம் ஒன்றுதான்.

"வெளியே கூப்பிடுகிற எல்லாரும் கள்ளர்களா, அண்ணா?"

இல்லை. சிலருக்கு விதியே தெரியாது. தளத்துக்குப் புதிது, எல்லோருடனும் வட்ஸ்அப்பில் பேசிப் பழகியவர்கள், நம்பரைக் கேட்டுவிடுவார்கள். விஷயத்தைச் சொன்னதும் "அப்படியா, சரி" என்று உள்ளேயே இருப்பார்கள். சிலர் மேலே சொன்ன 250 டொலர்க்காரர்கள். மூன்றாவது வகை முழுக்கத் திருட்டு. அந்த வகை எப்படி வேலை செய்கிறது என்பதை ஒரு தங்கச்சிக்கு நடந்ததை வைத்துச் சொல்கிறேன்.

அவள் உயர்தரம் எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த நேரம். தளம் ஒன்றில் கணக்குத் திறந்து நாலாவது நாள் ஓர் அழைப்பு வந்தது. பிடிஎஃப்பில் இருக்கும் 40 பக்கத்தை வேர்டில் தட்டச்சுச் செய்ய வேண்டும், 600 டொலர். பக்கத்துக்கு 15 டொலர். இந்த விலையே முதல் அடையாளம். ஸ்கேன் செய்த பக்கத்தை எழுத்தாக மாற்றும் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கும் காலத்தில், தட்டச்சுக்கு இந்த விலை யாரும் தர மாட்டார்கள். கிளையன்டின் கணக்கு அதே வாரம் திறந்தது, பணம் கட்டும் வழி உறுதிப்படுத்தப்படவில்லை, இதற்கு முன் ஒருவரையும் வேலைக்கு எடுத்ததில்லை. இவை எல்லாம் அந்தப் பக்கத்திலேயே தெரிந்தன, அவள் பார்க்கவில்லை.

செய்தியில் விபரம் எதுவும் இல்லை, ஒரு படம் மட்டும் இணைத்திருந்தது. படத்துக்குள் ஒரு டெலிகிராம் பெயர். ஏன் படம் தெரியுமா? எழுத்தாகப் போட்டால் தளத்தின் வடிகட்டி பிடித்துவிடும். விதி தெரியாத அப்பாவி இப்படிச் செய்ய மாட்டார். படத்துக்குள் நம்பரை ஒளிப்பவருக்கு விதி நன்றாகவே தெரியும்.

டெலிகிராமில் "மேலாளர்" ஒருவர் மரியாதையாகப் பேசினார். இரண்டு இரவு கண் விழித்துத் தட்டச்சுச் செய்து அனுப்பினாள். "அருமை, 600 டொலர் தயார்" என்று பாராட்டு வந்தது. அப்புறம்தான் விஷயம். பணத்தை விடுவிக்க 40 டொலர் பதிவுக் கட்டணம், சம்பளத்தோடு திரும்பி வரும். அந்தக் கட்டணத்தைப் போடச் சொன்ன கணக்கு இலங்கை வங்கி ஒன்றில், இலங்கைப் பெயரில். வெளிநாட்டுக் கம்பனிக்கு ஏன் நம் ஊர் வங்கியில் தனி ஆளின் கணக்கு? யாரோ ஒரு பையனுடைய கணக்கைக் காசு கொடுத்து வாடகைக்கு எடுத்திருப்பார்கள்.

அவள் கட்டினாள். மறுநாள் "வரி" என்று 110 டொலர் கேட்டார்கள். அம்மாவின் தோட்டை அடகு வைக்கலாமா என்று யோசித்த நேரத்தில்தான் என்னிடம் வந்தாள். முதல் கட்டணம் போனது போனதுதான். தோடு தப்பியது.

வேலை செய்கிறவரிடம் வேலை கொடுக்கிறவர் காசு கேட்டால் அதற்கு மேல் யோசிக்க எதுவும் இல்லை. பதிவு, பயிற்சி, வரி, காப்புறுதி, விடுவிப்பு என்று என்ன பெயர் சொன்னாலும் சரி.

"ஓர்டர் போட்டுவிட்டேன், இந்த லிங்கில் போய் உறுதி செய்யுங்கள் என்று ஒருவர் அனுப்பினார். பக்கம் அச்சு அசல் ஃபைவர் மாதிரியே இருக்கிறது."

பக்கத்தைப் பார்க்காதீர்கள், முகவரியைப் பாருங்கள். தொடக்கத்தில் இருக்கும் `https://` என்பதை விட்டுவிட்டு, அதற்குப் பிறகு வரும் முதல் சாய்கோட்டுக்கு முன்னால் கடைசியாக என்ன இருக்கிறதோ அதுதான் உரிமையாளரின் பெயர். `fiverr.com/orders` என்றால் ஃபைவர். `fiverr.com.order.example/pay` என்றால் அது `order.example` என்பவருடைய இடம், முன்னால் ஃபைவர் என்று ஒட்டியது வெறும் வேஷம். சிலர் லிங்குக்குப் பதிலாகக் கியூஆர் படம் அனுப்புவார்கள். அதை ஸ்கேன் செய்தால் சின்னத் திரையில் முகவரி முழுதாகத் தெரியாது, அதற்காகத்தான்.

உண்மையான ஓர்டர் உங்கள் கணக்குக்குள் இருக்கும். லிங்கை விட்டுவிட்டு, செயலியை நீங்களாகத் திறந்து ஓர்டர் பக்கத்தைப் பாருங்கள். அங்கே இல்லையென்றால் ஓர்டர் இல்லை. காசு வாங்குவதற்கு உங்கள் வங்கி அட்டையின் நம்பரோ பின்பக்க மூன்று இலக்கமோ ஒருபோதும் தேவைப்படாது.

"மறுத்தால் கோபித்துக்கொண்டு போய்விடுவாரே? எனக்கு இது முதல் வேலை. என்ன எழுதுவது?"

விதியைக் காட்டிப் பாடம் நடத்தாதீர்கள், "நீ கள்ளன்" என்கிற தொனியும் வேண்டாம். மறுப்பை ஒரு வரியில் முடித்துவிட்டு உடனே வேலைக்குத் திரும்புங்கள். நான் ஆங்கிலத்தில் அனுப்புவதன் சாரம் இதுதான்:

"செய்திக்கு நன்றி. பேச்சையும் கட்டணத்தையும் தளத்துக்குள்ளேயே வைத்துக்கொள்கிறேன், அது இரண்டு பேருக்கும் பாதுகாப்பு. இங்கே நான் தினமும் பார்க்கிறேன், அதே நாளில் பதில் சொல்வேன். லோகோவுக்கு எந்த நிறங்கள் நினைத்திருக்கிறீர்கள், எத்தனை மாதிரி வேண்டும் என்று சொன்னால் இன்றைக்கே விலை அனுப்புகிறேன்."

கடைசி வரியில் ஒரு கேள்வி இருப்பதைக் கவனியுங்கள். வேலை உண்மையாக இருந்தால் அவர் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வார். வேலையே இல்லாதவர் நிறத்தைப் பற்றி எதுவும் சொல்லாமல் மறுபடியும் நம்பரைக் கேட்பார். அப்போது முறைப்பாடு செய்யும் பொத்தானை அழுத்திவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள். அவர் கேட்டது உங்கள் குற்றம் ஆகாது. நீங்கள் தளத்துக்குள் எழுதி மறுத்திருந்தால், நாளைக்குக் கேள்வி வந்தாலும் அந்த எழுத்து உங்கள் பக்கம் பேசும்.

வடிகட்டியை ஏமாற்ற நம்பரைச் சொற்களாக எழுதுவது, மின்னஞ்சலை இடைவெளி விட்டு எழுதுவது எல்லாம் வேண்டவே வேண்டாம். தெரியாமல் செய்தேன் என்று சொல்லும் வழியை நீங்களே அடைத்துவிடுகிறீர்கள்.

"எங்கள் லயத்தில் சிக்னலே வராது. மழை வந்தால் கரண்டும் போகும். வட்ஸ்அப் என்றால் எப்படியோ செய்தி வந்துவிடுகிறது. அதற்காகவாவது கொடுக்கலாமா?"

அந்தக் கஷ்டம் எனக்குத் தெரியும், தேயிலை மலைக்கு மேலே ஏறி நின்று கோப்பு அனுப்பியவன் நான். ஆனால் வட்ஸ்அப்புக்குப் போதுமான சிக்னல் இருக்கிற இடத்தில் தளத்தின் போன் செயலியிலும் எழுத்துச் செய்தி போகும். கனமான கோப்புகளை மட்டும் டவுனுக்கு வரும்போது ஏற்றுங்கள். தாமதம் ஆகலாம் என்பதை முதலிலேயே கிளையன்டிடம் சொல்லி, அதற்கேற்ப ஒரு நாள் கூட்டி நேரம் கேளுங்கள்.

அப்வர்க் ஒப்பந்தம் தொடங்கிய பிறகு வட்ஸ்அப்பில் பேசுகிறீர்கள் என்றால் ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே முடிவான எதையும் அன்றைக்கே தளத்தின் செய்திப் பெட்டியில் இரண்டு வரியாக எழுதுங்கள். "இன்று பேசியபடி மூன்றாவது மாதிரியை எடுத்துக்கொள்கிறோம், கூடுதலாக விசிட்டிங் கார்ட் ஒன்று, அதற்கு 30 டொலர்" என்பதுபோல. பிணக்கு வந்தால் தளத்துக்குள் இருக்கும் எழுத்துத்தான் கைகொடுக்கும்.

"தெரியாமல் நம்பரைக் கொடுத்துவிட்டேன். இப்போது என்ன செய்வது?"

நம்பர் மட்டும் என்றால் பதற வேண்டாம். வெளியே தொடராமல், தளத்தில் ஒரு செய்தி போடுங்கள்: இனி இங்கேயே பேசுவோம் என்று. அவர் வெளியே அனுப்பிய கோப்பு எதையாவது போனில் நிறுவியிருந்தால் அதை நீக்குங்கள், தளத்தின் கடவுச்சொல்லை மாற்றுங்கள்.

வேலையையும் கொடுத்துக் காசு வராமல் இருந்தால், உள்ளதைச் சொல்கிறேன், தளம் உதவாது. அவர்கள் வழியாகப் போகாத பணத்துக்கு அவர்கள் பொறுப்பில்லை. முறைப்பாடு செய்யப் போனால் உங்கள் மீறலும் வெளியே வரும். எனக்கும் ஆரம்பத்தில் ஒரு தடவை இப்படி நடந்தது. ஏழு மெனு கார்ட் போனது, காசு வரவில்லை, கணக்கில் எச்சரிக்கை ஒன்றும் விழுந்தது. அன்றிலிருந்து காசு வரும் வரை நீர்முத்திரை போட்ட சின்னப் படம் மட்டும்தான் அனுப்புகிறேன்.

"அட்டை விபரமும் ஓடிபியும் கொடுத்துவிட்டேன்."

இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு அட்டையின் பின்பக்கத்தில் இருக்கும் நம்பருக்கு எடுங்கள். அட்டையை முடக்கச் சொல்லுங்கள், முறைப்பாட்டு இலக்கம் வாங்கிக்கொள்ளுங்கள். நீங்களே இன்னொருவர் கணக்குக்குக் காசு போட்டிருந்தால் அந்தக் கணக்கு இலக்கத்தையும் உங்கள் வங்கியிடம் கொடுங்கள். அங்கே பணம் இன்னும் எடுக்கப்படாமல் இருந்தால் பிடித்துவைக்க வாய்ப்புண்டு, அதனால் மணித்தியாலங்கள்கூட முக்கியம். பிறகு ஸ்கிரீன்ஷொட்டுகளோடு பொலிஸில் முறைப்பாடு. கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் இலங்கை சேர்ட் நிறுவனத்தின் 101 என்ற தொலைபேசி இலக்கத்துக்கும் சொல்லலாம். வெட்கப்பட்டு உரையாடலை அழித்துவிடாதீர்கள், அதுதான் உங்களிடம் இருக்கும் ஒரே தடயம்.

இன்னொன்று. "உங்கள் கணக்குக்கு ஒரு தொகை வரும், உங்கள் பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தை இன்னொருவருக்கு அனுப்புங்கள்" என்றால் அது வேறொரு ஏமாளியின் காசு. பொலிஸ் தேடி வரும்போது கணக்கில் இருப்பது உங்கள் பெயர்.

"கனடாவில் மாமா இருக்கிறார். அவருடைய பேபாலில் வாங்கி இங்கே அனுப்பச் சொன்னால்?"

இலங்கைக் கணக்கால் பேபாலில் பணம் பெற முடியாமல் நீண்ட காலம் இருந்ததால் வந்த பழக்கம் இது. பேபாலில் பணம் கட்டியவர் 180 நாள் வரை பிணக்குத் திறக்கலாம். ஐந்து மாதம் கழித்து ஒருவர் "நான் கேட்டது கிடைக்கவில்லை" என்றால் காசு மாமாவின் கணக்கிலிருந்து திரும்பப் போகும். நீங்கள் அதை எப்போதோ செலவழித்திருப்பீர்கள். அப்புறம் கல்யாண வீட்டில் மாமா முகத்தை எப்படிப் பார்ப்பது?

"ஒரே கிளையன்டுடன் ஒரு வருடமாக நல்லபடி வேலை செய்கிறேன். அவரே நேரடியாகப் போவோம் என்கிறார். இவர் கள்ளன் இல்லை, எனக்கு நன்றாகத் தெரியும்."

இதற்கு நேர்வழி இருக்கிறது. அப்வர்க்கில், தளத்தின் மூலம் அறிமுகமான இருவர் அந்த நாளிலிருந்து 2 வருடம் தளத்தின் வழியாகத்தான் பணம் கொடுத்து வாங்க வேண்டும். அதற்கு முன் வெளியேற வேண்டுமானால் மாற்றுக் கட்டணம் ஒன்றைக் கட்டிவிட்டு முறைப்படி வெளியேறலாம். கிளையன்டிடம் அதைச் சொல்லுங்கள். தொகையைப் பார்த்துவிட்டுப் பலர் மிச்ச மாதங்களையும் உள்ளேயே கழித்துவிடுவார்கள். ஃபைவரில் இப்படியொரு வாசலை நம்பி இருக்காதீர்கள், அங்கே கிடைத்தவர் அங்கேயே.

தளத்துக்கு முன்பே தெரிந்தவர், அல்லது பழைய கிளையன்ட் தன் நண்பரிடம் சொல்லி உங்கள் இணையப் பக்கத்தைப் பார்த்து வந்தவர் என்றால் இந்த விதி அவரைத் தொடாது. அவரிடம் நேரடியாக வாங்கலாம். பேயோனியர் கணக்கிலிருந்து கட்டணக் கோரிக்கை அனுப்பி, வந்ததை உங்கள் வங்கிக்கு எடுத்துக்கொள்ளலாம். புதியவர் என்றால் நான் பாதியை முன்பணமாக வாங்குகிறேன், மீதி வந்த பிறகுதான் மூலக் கோப்பு போகும். பாதி கட்ட மறுப்பவரை, "அப்படியானால் அப்வர்க்கில் ஒப்பந்தம் போடுவோம்" என்று உள்ளே அழைத்துப் போயிருக்கிறேன். இரண்டு பேர் வந்தார்கள், ஒருவர் வரவில்லை.